பெல் அடிப்பதற்கு முந்தைய நாலு நிமிடம்

ஜூன் 9, திங்கள், காலை 6.20

வெட்டிப் பார்த்த காஸ்டிங் (வார்ப்பு): 16. தேறாதவை: 5. அந்த ஐந்தும் ஒரே லேடிலின் கடைசி ஐந்து.

நேற்று ஞாயிறு. ஆறுச்சாமி அண்ணன் ஃபர்னஸ் ஃபோர்மேன், லீவு நாளிலும் ஃபர்னஸின் உள்பூச்சு லைனிங் பார்க்க வருவார். ஒரு லேடில் இரும்பில், அதாவது கிரேனில் வரும் ஒரு பெரிய வாளி உருகிய இரும்பில், ஊற்றிய பதினாறு ஸ்டீயரிங் நக்கிளையும் ஊற்றிய வரிசையிலேயே சாக்பீஸில் எண் போட்டு எடுத்து வைத்திருந்தார். எல்லாவற்றையும் அறுத்து, பாலீஷ் போட்டு, மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். ஒன்று முதல் பதினொன்று வரை சுத்தம். கார்பன் உருண்டை உருண்டையாக நிற்கிறது. பன்னிரண்டிலிருந்து உருண்டை புழு மாதிரி நெளிய ஆரம்பிக்கிறது. பதினாறாவது பீஸில் உருண்டை அறுபத்தெட்டு சதவீதம்தான். எண்பதுக்குக் குறைந்தால் தள்ள வேண்டும்.

காரணம் ரொம்ப எளிது. எளிது என்பதால்தான் எரிச்சல். இரும்பில் மெக்னீசியம் கலந்தால் கார்பன் உருண்டையாகும். ஆனால் கலந்த நொடியிலிருந்து மெக்னீசியம் ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். எங்கள் ரூல்: பன்னிரண்டு நிமிடத்துக்குள் ஊற்றி முடி. நல்ல ரூல்தான். கடிகாரத்தை எப்போது தட்டுகிறோம் என்பதுதான் கேள்வி. லேடில் ஊற்றுகிற லைனுக்கு வந்து நின்றதும் பெல் அடிப்பார்கள், அப்போதுதான் தட்டுகிறோம். பழைய ஷெட்டில் ஃபர்னஸிலிருந்து லைனுக்கு ஒரு நிமிடம். மார்ச் மூன்றாம் தேதி புதிய ஷெட்டுக்கு மாறினோம். கிரேன் காலியாகும்வரை காத்திருந்து, ஆடி அசைந்து வர நாலு நிமிடம், சில நேரம் ஐந்து. அந்த நாலு நிமிடத்தை யாரும் எண்ணவில்லை.

லேப் ஏன் பிடிக்கவில்லை? சாம்பிளும் பெல் அடித்தவுடன்தான் எடுக்கிறோம், முதல் இரும்பில். முதல் இரும்பு எப்போதும் நன்றாகத்தான் இருக்கும்.

நக்கிள் என்பது டிராக்டரின் முன்சக்கரத்தைத் தாங்குவது. நல்ல இரும்பு பள்ளத்தில் விழுந்தால் வளையும். புழு விழுந்த இரும்பு வளையாது, உடையும்.

மாலை 5.40

ரிப்போர்ட்டை வொர்க்ஸ் மேனேஜர் நாச்சிமுத்து சாரிடம் கொடுத்தேன். முப்பத்தாறு வருஷ சர்வீஸ், இந்த மாதம் முப்பதோடு ரிடையர்மென்ட். பெல் முறை அவர் கொண்டுவந்தது. புதிய ஷெட்டின் லேஅவுட்டும் அவர் போட்டதுதான்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு முதல் பக்கத்தை மட்டும் பார்த்தார்.

"ஒரு லேடில்தானே கிரி. ஒரு லேடிலை வெச்சு ஊரையே நிறுத்தச் சொல்றயா? இன்னும் ரெண்டு வெட்டு, பார்க்கலாம்."

"அதுவரைக்கும் சார்?"

"அதுவரைக்கும் ஓடட்டும்."

வெளியே வந்தால் எச்.ஆர். ஹேமலதா மேடம் காத்திருந்தார். ரிடையர் ஆகிற மேனேஜர் கடைசி வெள்ளிக்கிழமை புது ட்ரெய்னிகளுக்குப் பேசுவது எங்கள் கம்பெனி வழக்கம். பேச்சு முடிந்ததும் அங்கேயே ட்ரெய்னிகள் துறை ஃபாரத்தில் டிக் அடிப்பார்கள்: புரொடக்‌ஷன், குவாலிட்டி, மெயின்டனன்ஸ், டிசைன். அதனால் அது வெறும் வழியனுப்பு விழா இல்லை. அந்த இருபத்தைந்து நிமிடம் முப்பத்தெட்டு பேர் எங்கே போவார்கள் என்று தீர்மானிக்கும்.

"ஸ்லைடு நீங்க பண்ணிக் குடுங்க கிரி. சாருக்கு உங்க மேல ஒரு இது இருக்கு."

என்ன இது என்று சொல்லவில்லை.

இன்று சாம்பிள் ரிப்போர்ட் 22, கையெழுத்து போட்டாயிற்று. அதில் நக்கிள் பத்து. ரூமில் தண்ணீர் கேன் தீர்ந்துவிட்டது.

ஜூன் 10, செவ்வாய்

மூன்று மணிக்கு உட்கார்ந்தோம். ஹேமலதா கொடுத்த அமைப்பு: என் பாதை ஐந்து நிமிடம், என் பாடங்கள் பத்து, உங்களுக்குச் சொல்வது ஐந்து, கேள்வி ஐந்து. நாச்சிமுத்து சார் பழைய டைரி மூன்றைக் கொண்டுவந்திருந்தார். நான் எதிர்பார்த்தது ஆல்பம். இருந்தது ஃபர்னஸ் லாக் புக்.

"எழுதிக்கோ. டிப்ளமோ முடிச்சுட்டு எண்பத்தொன்பதுல வந்தேன். ஏன் ஃபர்னஸ் எடுத்தேன் தெரியுமா? மார்கழி மாசம். நைட் ஷிப்ட். குளிருக்கு அங்கதான் சூடு."

"இதைச் சொல்லப் போறீங்களா சார்?"

"ஏன், நீ எதுக்கு குவாலிட்டி எடுத்த?"

"மைக்ரோஸ்கோப் பிடிக்கும்."

"அதேதான். அங்க ஏசி."

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய மேஜையின் இடது ட்ரேயில் என் ரிப்போர்ட் இருந்தது, மேலே டீ டம்ளர் வளையத்தோடு.

ஜூன் 11, புதன்

கையெழுத்து 22. சட்டை துவைத்தேன். காயவில்லை.

ஜூன் 12, வியாழன்

இன்று பாடங்கள் பகுதி. சொல்லச் சொல்ல டைப் அடித்தேன். பிடிக்காவிட்டாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: மனிதர் மேலோட்டமாகப் பேசுவதில்லை.

முதல் மூன்று வருஷம் பதவியைத் தேடாதே, ஒரு மெஷினைத் தேடு. அதன் சத்தம் மாறினால் தூரத்திலிருந்தே தெரிகிற அளவுக்குப் பழகு. ஐந்தாவது வருஷம் ஒரு முடிவு வரும், உனக்கு ஆட்களா, உலோகமா? இரண்டும் என்று சொல்லாதே. இரண்டிலும் தேறியவர்களை நான் பார்த்ததில்லை. அவர் ஏழாவது வருஷம் ஆட்கள் பக்கம் போனார்.

"போனதுல என்ன சார் போச்சு?"

யோசித்தார். "மைக்ரோஸ்கோப் பார்த்துப் பன்னெண்டு வருஷம் ஆச்சு. நீங்க குடுக்கற பர்சென்ட்டேஜைத்தான் பார்க்கறேன்."

இதை ஸ்லைடில் போடவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

அடுத்து தொண்ணூற்று நாலாம் வருஷம். ஃபர்னஸ் சுவரில் சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்திருக்கிறது. லைனிங் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம், உடனே காலி செய்ய வேண்டும். ஷிப்ட் டார்கெட்டுக்கு இரண்டு ஹீட், அதாவது இன்னும் இரண்டு முறை உருக்குவது, பாக்கி. இவர் ஓட்டினார். சுவரைப் பிய்த்துக்கொண்டு இரும்பு வெளியே வந்தது. ஹெல்ப்பர் ஒருவருக்கு இடது கால் விரல்கள் போயின.

"இதைக் கண்டிப்பா சொல்லணும்" என்றார்.

மாலையில் ஹேமலதா பார்த்தார். "நெகட்டிவா இருக்கே கிரி. ட்ரெய்னீஸ் பயந்துருவாங்க. டீம்வொர்க்னு ஒண்ணு போட்டுருங்க."

ஜூன் 13, வெள்ளி

பைக் பஞ்சர். சூலூர் ரோட்டில் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளினேன். லேட். லேட்டுக்கு நாச்சிமுத்து சாரிடமே கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. அதை உடனே போட்டார். பேனா எழுதுகிறது, ஆக பேனாவில் குறை இல்லை.

சாம்பிள் 22.

ஜூன் 16, திங்கள்

கேட்டபடி இன்னும் இரண்டு லேடில் வெட்டினேன். ஸ்டாப்வாட்சுடன் ஆறுச்சாமி அண்ணன் ஃபர்னஸ் பக்கம், நான் லைன் பக்கம். மெக்னீசியம் கலந்து பொங்கி அடங்கியதும் அவர் கையைத் தூக்குவார், நான் தட்டுவேன். பெல் வரை: 4 நிமிடம் 10 நொடி. அடுத்தது 4.50, இடையில் வேறு லோடுக்குக் கிரேன் போய்விட்டது.

முதல் லேடிலில் நாலு தேறவில்லை, இரண்டாவதில் ஆறு.

"பெல்லை இங்க ஃபர்னஸ்கிட்ட மாட்டிட்டா முடிஞ்சுதுங்களே தம்பி" என்றார் அண்ணன்.

"அப்படிப் பண்ணா லேடிலுக்குப் பதினொண்ணுதான் ஊத்த முடியும். உற்பத்தி மூணுல ஒரு பங்கு குறையும்."

"இப்ப மட்டும் என்னுங், அஞ்சை ஊத்தி குப்பையிலதான போடோணும்?"

"குப்பைல போடலையே அண்ணா."

அவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜூன் 17, செவ்வாய்

இரண்டாவது ரிப்போர்ட். நாற்பத்தெட்டில் பதினைந்து. நாச்சிமுத்து சார் இந்த முறை மூன்று பக்கமும் படித்தார்.

"பார்க்கறேன்" என்றார்.

"எதைப் பார்க்கறீங்க சார்? வெட்டச் சொன்னீங்க, வெட்டியாச்சு."

"கிரி, எனக்கு இன்னும் ஒம்பது நாள்தான். இப்ப ரூலை மாத்தினா முதலாளி என்ன கேப்பாரு? பத்தொம்பது வருஷமா ஓடறது எப்படித் தப்பாச்சும்பாரு. கஸ்டமரு ஆடிட்டுக்கு வருவான். புது மேனேஜர் ஜூலைல வராரு. அவரு மாத்தினா அது இம்ப்ரூவ்மென்ட். நான் மாத்தினா அது கன்ஃபெஷன்."

"அதுவரைக்கும் உடையற நக்கிள்?"

"ஒண்ணாவது உடைஞ்சுதா? ஒரு கம்ப்ளெயின்ட் வந்துச்சா?"

வரவில்லை. மூன்று மாதத்தில் வராது. அது அவருக்கும் தெரியும்.

பிறகு அதே மூச்சில், "ஸ்லைடு ஏழு எங்க?" என்றார். ஏழாவது ஸ்லைடு பெல்லைப் பற்றியது. அதைத்தான் அவர் வாழ்நாள் சாதனையாக வைத்திருக்கிறார்.

ஜூன் 19, வியாழன்

லாரி போயிற்று. நக்கிள் 640.

டெஸ்ட் சர்ட்டிஃபிகேட்டுக்கு டிஸ்பாட்ச் பையன்கள் மூன்று தடவை போன் செய்தார்கள். சாம்பிள் ரிப்போர்ட் எல்லாம் ஓகே, ரூல்படி கொடுக்காமலிருக்கக் காரணம் இல்லை. கொடுத்தேன். நாச்சிமுத்து சார் ரிப்போர்ட்டில் கையெழுத்து போட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். இதை எழுத்தில் பதிவு செய்துவைக்கிறேன்.

கேன்டீனில் எலுமிச்சை சாதம். சாப்பிடவில்லை, அமிலம் ஒத்துக்கொள்வதில்லை.

ஜூன் 20, வெள்ளி

ஸ்லைடு ஏழுக்காகச் சண்டை. அவர் சொன்ன வாசகம்: "2006. பெல் வந்தது. குழப்பம் போனது."

2006இல் கதை இதுதான், நியாயமாகச் சொல்ல வேண்டும். அப்போது ஆளுக்கொரு கடிகாரம். ஊற்றுகிறவர் ஒரு நேரம் சொல்வார், லேப் ஒரு நேரம் சொல்லும், தேறாதவை நூற்றுக்கு ஒன்பது. இவர்தான் பழைய பள்ளிக்கூட மணியை வாங்கி வந்து லைனில் மாட்டி, மணி அடித்தால் கடிகாரம் என்றார். ஆறு மாதத்தில் அது இரண்டாயிற்று. ஃபர்னஸ் இருபதடியில் இருந்தது, ஒரு நிமிடம் கணக்கிலேயே இல்லை. அன்றைக்கு அது சரி. புத்திசாலித்தனமும்கூட.

"இதுக்குக் கீழ ஒரு வரி சேர்க்கறேன் சார். புதிய ஷெட்டில் இதை மாற்ற வேண்டும்னு."

"வேண்டாம்."

"தொண்ணூத்தி நாலுல பண்ண தப்பைச் சொல்றீங்க. இதைச் சொல்ல மாட்டேங்கறீங்க."

"அது பாடம். இது இன்னும் வேலை."

எழுந்து வந்துவிட்டேன். முப்பது வருஷத்துக்கு முந்தைய தப்பைச் சொல்ல தைரியம் எதற்கு? அதைக் கேட்டு இன்று யாரும் எந்த லாரியையும் நிறுத்தப் போவதில்லை. கைதட்டத்தான் போகிறார்கள். விரல் போன அந்த ஹெல்ப்பர் ரிடையர் ஆகி ஊருக்குப் போய்விட்டார்.

கையெழுத்து 22.

ஜூன் 23, திங்கள்

ஒத்திகை. மைக் இரைகிறது. இருபத்தைந்து நிமிடப் பேச்சு முப்பத்தொன்றில் முடிந்தது. ஹேமலதா கேள்வி நேரத்தை வெட்டலாம் என்றார். நாச்சிமுத்து சார் கூடாது என்றார். அதுவரைக்கும் சந்தோஷம்.

பின்னால் ட்ரெய்னிகள் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மார்த்தாண்டத்துப் பெண் ஜெனிதா ஸ்லைடு ஏழையே பார்த்துக்கொண்டு நின்றாள். போன மாதம் லேபில் இரண்டு வாரம் இருந்தவள். பாலீஷ் நன்றாகப் போடுவாள், கேள்வி அதற்கு மேல் கேட்பாள்.

ஜூன் 24, செவ்வாய்

22.

ஜூன் 26, வியாழன்

யார்டில் நக்கிள் 2,140. திங்கள் காலை எட்டு மணிக்கு லாரி.

ஆறுச்சாமி அண்ணன் லேபுக்கே வந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். வேண்டாம் என்றாலும் கேட்க மாட்டார்.

"தம்பி, லாரி வருதாமா?"

"வருது. அவர் கையெழுத்து போடலை."

"டேக் போடறதுக்கு அவரு கையெழுத்து எதுக்குங்? போன வருசம் பம்ப் கேசிங்குக்கு இங்க லேப்ல இருந்த அந்த ராஜபாளையத்து மேடம் போட்டாங்களே சிவப்பு டேக்கு, லாரில ஏத்தக் கூடாதுன்னு. அவங்க யாரையும் கேக்கலைங்களே."

"அது வேற கேஸ். ரிப்போர்ட் அப்ரூவ் ஆகாம யார்டை நிறுத்த முடியாது. புரொசீஜர் தெரியாமப் பேசாதீங்க."

"செரிங். எனக்குப் படிப்பு பத்தாதுங்" என்று செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்.

கோபத்தில் சொன்னாரா, சாதாரணமாகச் சொன்னாரா தெரியவில்லை. குவாலிட்டி கையேட்டைத் திறந்து பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை, எனக்கு மனப்பாடம்.

ஜூன் 27, வெள்ளி, மாலை 7.10

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நாலு மணி, கேன்டீன் ஹால். முப்பத்தெட்டு ட்ரெய்னிகள், பின்வரிசையில் ஃபோர்மேன்கள், முன்வரிசையில் முதலாளியின் மகன். லேப்டாப்பைத் தட்டும் வேலை எனக்கு, மேடைக்குப் பக்கத்தில்.

நன்றாகப் பேசினார். அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். குளிருக்கு ஃபர்னஸ் எடுத்த கதைக்கு ஹாலே சிரித்தது. மெஷினின் சத்தம், ஆட்களா உலோகமா, எல்லாம் வந்தது. நான் எழுதாத ஒன்றும் வந்தது.

"பசங்களா, எந்த டிபார்ட்மென்ட் பெருசுன்னு பார்த்து டிக் அடிக்காதீங்க. எந்த டிபார்ட்மென்ட் தப்பை உங்களால ராத்திரி தூக்கிக்கிட்டுப் படுக்க முடியும்னு பாருங்க. புரொடக்‌ஷன்ல தப்பு பண்ணா அன்னிக்கே தெரியும், திட்டு விழும், மறுநாள் சரி பண்ணிக்கலாம். குவாலிட்டில தப்பு பண்ணா ரெண்டு வருசம் கழிச்சு, எவனோ ஒருத்தன் வயக்காட்டுல தெரியும். அதுக்கு வேற மாதிரி நெஞ்சு வேணும். எனக்கு அது இல்ல. அதான் நான் புரொடக்‌ஷன்."

அடுத்து தொண்ணூற்று நாலு. ஹேமலதாவின் டீம்வொர்க் ஸ்லைடைத் தாண்டச் சொல்லிக் கையைக் காட்டினார். திரை வெறுமையாக இருக்க, சிவப்புப் புள்ளியைப் பார்த்தும் ஓட்டியதைச் சொன்னார். ஹெல்ப்பரின் பெயரைச் சொன்னார், எந்த விரல்கள் என்றும் சொன்னார். பிறகு பெரிய கைதட்டல். எனக்குள் கொதித்தது.

ஸ்லைடு ஏழு. பெல். மறுபடியும் கைதட்டல்.

கேள்வி நேரம். இரண்டு பேர் ஃபாரின் பிராஞ்ச் பற்றிக் கேட்டார்கள். மூன்றாவதாக ஜெனிதா எழுந்தாள்.

"சார், ஒரு டவுட்டு. மெக்னீசியம் கலந்த உடனேதானே குறைய ஆரம்பிக்கும்? பெல் அடிக்குறது லைன்ல. புது ஷெட்ல லேடில் வந்து சேர நாலு நிமிஷம் ஆகுது, நான் நின்னு பார்த்தேன். அந்த நாலு நிமிஷம் யாரு கணக்குல சார்?"

ஆறுச்சாமி அண்ணன் பின்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டார். நான் நாச்சிமுத்து சாரைப் பார்த்தேன். இதற்காகத்தான் பதினெட்டு நாள் காத்திருந்தேன் என்று தோன்றியது. மாட்டிக்கொண்டார், இப்போது சொல்லட்டும்.

அவர் மைக்கை இறக்கினார், பிறகு தூக்கினார்.

"நல்ல கேள்விம்மா. லேப் டெய்லி இருபத்திரண்டு ரிப்போர்ட் குடுக்குது, எல்லாம் ஓகேன்னு. கிரி இங்கதான் இருக்கார். கிரி, ஓகேயா, இல்லையா?"

முப்பத்தெட்டு தலைகளும் திரும்பின.

"ஓகே இல்ல சார்" என்றேன். "நாப்பத்தெட்டு வெட்டினேன், பதினஞ்சு தேறல. ரிப்போர்ட் உங்க டேபிள்ல இருக்கு. பதினெட்டு நாளா உங்க கையெழுத்துக்காகக் காத்திருக்கேன்."

முதலாளியின் மகன் போனை மடியில் வைத்தார்.

நாச்சிமுத்து சார் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ரிப்போர்ட் என்கிட்ட இருக்கு. உண்மை. நான் கையெழுத்து போடல. அதுவும் உண்மை. அது என் தப்பு, வெச்சுக்கோ. ஆனா கிரி, சிவப்பு டேக் போட என் கையெழுத்து எதுக்கு? குவாலிட்டி இன்ஜினியர் சந்தேகப்பட்டாலே டேக் போடலாம்னு கையேட்டுல எழுதினதே நான்தான். போட்டிருந்தா அதை எடுக்கத்தான் என் கையெழுத்து வேணும். இந்தப் பதினெட்டு நாளும் ஓகேன்னு கையெழுத்து போட்டது யாரு?"

யாரும் கைதட்டவில்லை.

நான் என்ன சொன்னேன் என்பதைச் சரியாக எழுத வேண்டும். "நான்தான்" என்றேன். மைக் இல்லாததால் முன்வரிசைக்கு மட்டும் கேட்டிருக்கும். ஜெனிதாவுக்குக் கேட்டது, உட்கார்ந்துவிட்டாள்.

ஹேமலதா மேடையேறி பொன்னாடை என்றார். போர்த்தினார்கள். ஃபாரம் கொடுத்தார்கள். புரொடக்‌ஷன் 27, டிசைன் 6, மெயின்டனன்ஸ் 4, குவாலிட்டி 1. போன வருஷம் குவாலிட்டிக்கு ஏழு பேர்.

லேபுக்கு வந்து கையேட்டை எடுத்தேன். பக்கம் பதினேழு. அவர் சொன்னது அப்படியே இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்பு நான் படித்ததாகக் கையெழுத்து போட்ட பக்கம்.

அவர் செய்தது தந்திரம். தன் தப்பை ஒரு வாக்கியத்தில் ஒப்புக்கொண்டு என் தப்பை நாலு வாக்கியத்தில் சொன்னார். நாலில் ஒன்றும் பொய் இல்லை. அதுதான் உறுத்துகிறது.

ரிப்போர்ட் ஃபைலை எடுத்து எண்ணினேன். ஜூன் 9 முதல் வேலை நாள் பதினேழு. என் கையெழுத்து 374. அதில் நக்கிள் 170.

ஜூன் 28, சனி

காலை 6.40

ஆறுச்சாமி அண்ணனுக்குப் போன் செய்தேன். "அண்ணா, டேக் போடணும். 2,140 இருக்கு. படிப்பு பத்தாதுன்னு சொன்னீங்களே, அதுக்கு ஸாரி."

"அதை உடுங் தம்பி. கம்பி கட்டவா, ஒட்டறதா?"

"கம்பி. மழை வரும்."

"ரெண்டு பசங்களைக் கூட்டிட்டு வர்றனுங்."

8.50

அறுபது பெட்டி, பெட்டிக்கு ஒரு டேக். அறுபதிலும் என் பெயர், தேதி, காரணம். டிஸ்பாட்ச் இன்சார்ஜ் வந்து கத்தினார். பக்கம் பதினேழைக் காட்டினேன். முதலாளியின் மகனுக்குப் போன் போட்டார், அவர் எனக்குப் போட்டார். "எத்தனை நாள் ஆகும்?" என்றார். வெட்ட வேண்டியதில்லை, அல்ட்ராசோனிக் மெஷினில் ஒவ்வொன்றையும் வைத்தால் ஒலியின் வேகம் சொல்லிவிடும், உருண்டை குறைந்தால் வேகம் குறையும், நாலு நாள் என்றேன். "இதை ஒம்பதாம் தேதி சொல்லியிருக்கலாமே" என்றார். ஆமாம் என்றேன்.

10.30

நாச்சிமுத்து சார் லேபுக்கு வந்தார். சனிக்கிழமை அவருக்கு வேலை இல்லை. சிவில் டிரெஸ், செருப்பு.

"நான் போற அன்னிக்கு லாரி நிக்குது."

"ஆமா சார்."

"நேத்து உன்னை அவமானப்படுத்தினேன்னு நெனைக்கறயா?"

"ஆமா சார். நீங்க தப்பிக்கறதுக்கு என்னை முன்னாடி நிறுத்தினீங்க."

"ஆமா" என்றார்.

மைக்ரோஸ்கோப்பின் முன் உட்கார்ந்தார். பதினாறாவது பீஸை வைத்தேன். ஃபோகஸ் குமிழைத் தவறான பக்கம் திருப்பினார். நான் சொல்லித்தரவில்லை. அவராகவே தேடிப் பிடித்தார். ரொம்ப நேரம் பார்த்தார். முதல் பீஸைக் கேட்டார், வைத்தேன். மறுபடி பதினாறாவது.

"அந்தக் காலத்துல நைட் ஷிப்ட் முடிஞ்சு இதை நின்னுக்கிட்டே பார்ப்போம்" என்றார். பையிலிருந்து என் இரண்டு ரிப்போர்ட்டையும் எடுத்துக் கையெழுத்து போட்டார். மேலே எழுதினார்: பார்த்தேன். தேதி: 28.

"ஒப்புக்கொள்கிறேன்" என்று எழுதவில்லை. "பார்த்தேன்."

"இது பத்தாது சார்."

"எனக்கு இவ்வளவுதான் வருது கிரி" என்று எழுந்து போனார். கேட் வரை போய் வழியனுப்பலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். போகவில்லை. அவர் மேல் இருக்கும் கோபம் குறையவில்லை, குறைத்துக்கொள்ளவும் விருப்பமில்லை. ஆனால் இனி அதைச் சொல்லிச் சொல்லி என் வேலையைத் தள்ளிப்போட முடியாது.

மதியம் 1.15

செய்ய வேண்டியவை:

1. 2,140 நக்கிளும் அல்ட்ராசோனிக். இன்றே தொடக்கம். ஒன்றைக்கூட விடாமல்.

2. பெல்லை ஃபர்னஸ் பக்கம் மாற்ற ஆறுச்சாமி அண்ணனிடம் சொல்ல வேண்டும். அனுமதி பிறகு வாங்கிக்கொள்ளலாம். திங்கள் முதல் லேடிலுக்குப் பதினொன்று.

3. சாம்பிள் இனி கடைசி இரும்பில்.

4. 19ஆம் தேதி போன 640க்குக் கஸ்டமருக்குக் கடிதம். மார்ச் 3 முதல் போன எல்லாவற்றையும் அதே கடிதத்தில் சேர்க்க வேண்டும். "தெரியவந்தது" என்று எழுதக் கூடாது. "ஜூன் 9 அன்று தெரியும், 19 அன்று அனுப்பினேன்" என்று எழுத வேண்டும்.

5. அந்தக் கடிதத்தால் வேலை போனால் போகட்டும். அம்மாவிடமிருந்து போன் வருவதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும்.

6. தண்ணீர் கேன்.

7. குவாலிட்டிக்கு டிக் அடித்த அந்த ஒருத்தி ஜெனிதா. திங்கள் ஒன்பது மணிக்கு லேபுக்கு வருகிறாள். முதல் வேலையாக என் 374 ரிப்போர்ட்டையும் அவள் மேஜையில் வைக்க வேண்டும். எங்கே தப்பு என்று அவள் கேட்டால் பதில் சொல்ல வேண்டும். உட்காராமல், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.